‘கதர்’ வார இதழும் 1915ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் ஊட்ரம் பகுதியில் முன்பு இருந்த சிறைச்சாலையின் மதிற்சுவருக்கு வெளியே, 1915ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் சில மாதங்களுக்குள், ஐந்தாம் இலகு காலாட்படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் 47 பேர் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறை இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. தமிழ் நண்பர்கள் சிலரை அந்தப் பக்கமாக அழைத்துச் சென்று அந்த வரலாற்றைச் சொல்வதுண்டு. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: “அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பத்திரிகைதான் இதற்குக் காரணம் என்கிறார்களே, அது உண்மையா?” அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை தர முடியவில்லை. ஒரு பத்திரிகை எப்படி ஓர் இயக்கத்தைக் கட்டுகிறது, எந்த இடம் வரை அதனால் செல்ல முடிகிறது, எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பதைப் பகுத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதற்கான முயற்சியே இந்த ஆய்வு.

பெயரைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். ‘கதர்’ என்று தமிழில் எழுதும்போது கைத்தறி ஆடையே நம் நினைவுக்கு வருகிறது. இந்தப் பத்திரிகையின் பெயருக்கும் அந்த ஆடைக்கும் தொடர்பில்லை. இது கிளர்ச்சி, கலகம் என்னும் பொருள்படும் உருதுச் சொல். 1857ஆம் ஆண்டுப் புரட்சியை ஆங்கிலேயர் இழிவாகக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லையே இவர்கள் பெருமிதத்தோடு எடுத்துத் தங்கள் ஏட்டின் தலைப்பில் வைத்தார்கள்.

இந்த ஏடு பிறந்த சூழல் கூலித் தொழிலாளர்களின் சூழல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் கனடாவின் வான்கூவர் பகுதியிலும் மர அறுப்பு ஆலைகளிலும் பண்ணைகளிலும் ஆயிரக்கணக்கான பஞ்சாபியர் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் ஆங்கிலேயப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். படையில் காட்டிய விசுவாசத்திற்குப் பேரரசின் எந்த மூலையிலும் மதிப்புக் கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்கள். 1907ஆம் ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹம் ஊரில் ஒரு கும்பல் அவர்களை அடித்து விரட்டியபோதும், 1908ஆம் ஆண்டில் கனடா அரசு, சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேராகப் பயணம் செய்து வருபவர்களுக்கு மட்டுமே இடம் உண்டு என்று விதி வகுத்து இந்தியர்களின் வருகையைத் தடுத்தபோதும், அந்த நம்பிக்கை உடைந்தது. மனக்குறை ஏற்கெனவே இருந்தது. பத்திரிகை அதை உண்டாக்கவில்லை. ஆனால், ஓர் ஆலையில் அடிபட்டவனின் குறையும் இன்னொரு பண்ணையில் அவமதிக்கப்பட்டவனின் குறையும் ஒன்றே என்பதையும், இரண்டுக்கும் வேர் தாய்நாட்டின் அடிமை நிலையில் இருக்கிறது என்பதையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வேலையைச் செய்ய முன்னரே சிலர் முயன்றார்கள். 1907இல் ராம்நாத் பூரி ‘சர்குலர் இ ஆசாதி’ என்ற சுற்றறிக்கையை வெளியிட்டார். 1908இல் தாரக்நாத் தாஸ் வான்கூவரில் ‘ஃப்ரீ ஹிந்துஸ்தான்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். அதே நகரில் ஜி. டி. குமார் பஞ்சாபியர் பயன்படுத்தும் குர்முகி எழுத்தில் ‘சுதேச சேவக்’ என்ற ஏட்டை நடத்தினார். இம்மூன்றில் நான் முக்கியமாகக் கருதுவது குர்முகி ஏட்டைத்தான். ஆங்கில இதழ் மாணவர்களுக்கும் வெளிநாட்டு ஆதரவாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆலையில் மரம் இழுத்தவன் கையில் போய்ச் சேர்ந்தது அவன் எழுத்தில் வந்த ஏடுதான். 1911இல் அது இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று அரசு தடை விதித்ததே அது எங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று.

1913ஆம் ஆண்டில் ஓரிகான் மாநிலத்தில் கூடிய தொழிலாளர்கள் ஒரு சங்கத்தை அமைத்தார்கள். ஆலைத் தொழிலாளியாக இருந்த சோஹன் சிங் பக்னா தலைவரானார். லாலா ஹர்தயாள் செயலாளரானார். காசி ராம் பொருளாளரானார். சங்கத்தின் முதன்மையான முடிவுகள் இரண்டு. ‘கதர்’ என்ற வார ஏட்டை இலவசமாக வெளியிடுவது ஒன்று. அதற்குச் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தலைமையகம் அமைப்பது மற்றொன்று. தலைமையகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘யுகாந்தர் ஆசிரமம்’. அந்தப் பெயரும் கல்கத்தாவில் 1906இல் தொடங்கி, ராஜத்துரோக வழக்குகளால் நசுக்கப்பட்ட ஒரு பத்திரிகையின் பெயரே. முதல் உருது இதழ் 1913ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வெளிவந்தது. டிசம்பரில் குர்முகிப் பதிப்பு தொடங்கியது. சங்கத்துக்குச் சட்டப்படி வேறு பெயர் இருந்தது. ஆனால் சில மாதங்களுக்குள் மக்கள் அதைக் ‘கதர் கட்சி’ என்றே அழைக்கத் தொடங்கினார்கள். ஒரு கட்சி தனக்காகப் பத்திரிகை நடத்துவது வழக்கம். இங்கோ பத்திரிகையின் பெயரே கட்சிக்குப் பெயரானது. இந்தத் திருப்பம் தற்செயலானது அன்று என்பதே என் கருத்து. காரணத்தைக் காண அந்த ஏடு அச்சாகி, மடிக்கப்பட்டு, அனுப்பப்பட்ட முறையைப் பார்க்க வேண்டும்.

ஆசிரமத்தில் இருந்தவர்களுக்குத் தனித்தனி வேலை என்று எதுவும் இல்லை. எழுதியவர்களே அச்சு இயந்திரத்தைக் கையால் சுழற்றினார்கள், தாள்களை மடித்தார்கள், முகவரி எழுதினார்கள், சமைக்கவும் செய்தார்கள். பதினேழு பதினெட்டு வயதே நிரம்பிய கர்தார் சிங் சராபா குர்முகிப் பதிப்பின் வேலைகளில் முன்னின்றார். பணம் ஆலைத் தொழிலாளர்களின் கூலியிலிருந்து நன்கொடையாக வந்தது. ஏடு இலவசம் என்பதால் சந்தாப் பணத்தை வசூலிக்கும் கவலை இல்லை. ஆனால் யாருக்கு அனுப்புவது என்ற பட்டியல் கட்டாயம் வேண்டும். அந்த முகவரிப் பட்டியல்தான் நடைமுறையில் உறுப்பினர் பதிவேடாக வேலை செய்தது. ஓர் ஊரில் பத்துப் பிரதிகளைப் பெற்றுப் பகிர்ந்தவர் அந்த ஊரின் கிளைச் செயலாளராகவே ஆகிவிட்டார்; நன்கொடை திரட்டியவரும் அவர், கூட்டம் கூட்டியவரும் அவர். வார ஏடு என்பதால் ஒவ்வொரு வாரமும் அந்தத் தொடர்பு புதுப்பிக்கப்பட்டது. இயக்கத்தின் எலும்புக்கூடு அஞ்சல் வழியே வளர்ந்தது என்று சொல்லலாம்.

எழுதப்பட்ட முறையும் அஞ்சலைக் கருதியே அமைந்தது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிழக்காசியத் துறைமுகங்களுக்குக் கப்பல் வந்து சேர வாரக்கணக்காகும். இன்றைய செய்தி அங்கே போய்ச் சேரும்போது பழையதாகிவிடும். எனவே ஏட்டின் முதல் பக்கத்தில் பழையதாகவே ஆகாத ஒன்று தொடர்ந்து இடம்பெற்றது. ‘ஆங்கிலேய ஆட்சியின் உண்மைக் கணக்கு’ என்று பொருள்படும் ‘அங்ரேசி ராஜ் கா கச்சா சிட்டா’ என்ற தலைப்பில் பதினான்கு குறிப்புகள் அடங்கிய பட்டியல் அது. நாட்டின் செல்வம் வெளியே வடிவது, இந்தியரின் சராசரி வருமானம் மிகத் தாழ்ந்திருப்பது, நிலவரியின் சுமை, உடல்நலத்துக்குச் செலவிடும் சிறு தொகையும் படைக்குச் செலவிடும் பெருந்தொகையும், பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் மாண்டவர்கள், ஆப்கானிஸ்தானிலும் பர்மாவிலும் எகிப்திலும் சீனாவிலும் நடந்த போர்களுக்கு இந்தியரின் வரிப்பணம் சென்றது எனக் குறிப்புகள் அடுக்கப்பட்டிருந்தன.

இந்தப் பட்டியலின் கடைசி இரண்டு குறிப்புகளில்தான் ஏட்டின் ஆற்றல் முழுவதும் இருக்கிறது. முதலாவது ஓர் எண் கணக்கு: சமஸ்தானங்களில் 7 கோடி, ஆங்கிலேய இந்தியாவில் 24 கோடி இந்தியர் இருக்க, ஆங்கிலேய அதிகாரிகளும் வீரர்களும் 79,614 பேரும் தொண்டர் படையினர் 38,948 பேரும் மட்டுமே உள்ளனர். மற்றது ஓர் ஆண்டுக் கணக்கு: 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் 56 ஆண்டுகள் ஓடிவிட்டன, இரண்டாவது கிளர்ச்சி உடனே தேவைப்படுகிறது. படிக்கும் ஒருவன் முன்னாள் சிப்பாய் என்பதை நினைவில் கொண்டு இதைப் படித்துப் பார்க்க வேண்டும். செல்வம் வடிவதைப் பற்றிய பொருளாதார வாதம் அவனுக்கு ஓரளவே பிடிபடும். ஆனால் தன் பட்டாளத்தில் எத்தனை வெள்ளையர் இருந்தார்கள், எத்தனை இந்தியர் இருந்தார்கள் என்பது அவன் தன் கண்ணால் கண்டது. ஏடு அவனிடம் புதிதாக எதையும் நம்பச் சொல்லவில்லை. அவன் கண்டதையே நாடு முழுவதற்கும் பெருக்கிக் காட்டியது.

எழுத்தறியாதவர்களை என்ன செய்வது? இங்கேதான் சிறு பிரசுரங்கள் முக்கியமாகின்றன. ஏட்டில் வந்த பாடல்களைத் தொகுத்து ‘கதர் தி கூஞ்ச்’, அதாவது ‘கிளர்ச்சியின் எதிரொலி’ என்ற பெயரில் சிறு புத்தகமாக அச்சிட்டு இலவசமாக வழங்கினார்கள். கட்டுரையை ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். பாடலுக்கு அந்தத் தேவை ஒரு முறைதான் உண்டு. கேட்டவன் அடுத்த ஊரில் தானே பாடுவான். காவலர்கள் தாளைப் பறிமுதல் செய்யலாம், நாவில் ஏறிய பாட்டைப் பறிமுதல் செய்ய முடியாது. பாரதியாரின் நாட்டுப் பாடல்களைச் சில பக்கப் பிரசுரமாக அச்சிட்டு ஆயிரக்கணக்கில் இலவசமாகப் பரப்பிய அனுபவம் 1907ஆம் ஆண்டிலேயே சென்னையில் உண்டு என்பதால், தமிழ் வாசகர்களுக்கு இந்த உத்தி அந்நியமானதாகத் தோன்றாது. பாரதியாரின் ‘இந்தியா’ வார ஏட்டில் பணியாற்றிய எம்.பி.டி. ஆச்சாரியா பின்னாளில் அமெரிக்கா சென்று இதே வட்டத்தில் இயங்கினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஏடு பயணம் செய்த வழியில் குருத்வாராக்கள் இடைத்தங்கல் நிலையங்களாக இருந்தன. ஆங்கிலேயர் தம் கிழக்காசியக் குடியேற்றங்களில் காவல் பணிக்குச் சீக்கியரைப் பெரிதும் நம்பியிருந்தார்கள். சிங்கப்பூரில் 1881ஆம் ஆண்டிலேயே சீக்கியக் காவல் பிரிவு அமைக்கப்பட்டது. கிடங்குகளிலும் வங்கிகளிலும் ‘ஜாகா’ எனப்பட்ட காவலாளி வேலை பார்த்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஹாங்காங்கிலும் அதே நிலை. பேரரசைக் காக்கப் பரப்பி வைக்கப்பட்ட அந்தக் காவல் வலையே, பேரரசை எதிர்க்கும் ஏட்டுக்கு ஆயத்தமான வாசகர் வலையாகவும் அமைந்துவிட்டது. மலாயாவிலும் ஹாங்காங்கிலும் குருத்வாராக்களில் பணியாற்றிய பகவான் சிங் பின்னர் கதர் இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளராகவும் கவிஞராகவும் ஆனார். சில மாதங்களுக்குள் இந்த ஏடு பிலிப்பைன்ஸ், ஹாங்காங், சீனா, சயாம், மலாய் மாநிலங்கள், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் இருந்த இந்தியரை எட்டியது.

இந்த ஏற்பாட்டின் குறையும் அதன் பலம் இருந்த இடத்திலேயே இருந்தது. வெளிப்படையாக நடக்கும் ஏட்டை ஒற்றரும் படிக்கலாம். 1914 மார்ச்சில் ஹர்தயாள் கைது செய்யப்பட்டுப் பிணையில் வந்து ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்; ராம் சந்திரா ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டதும் ஏடு ‘போர்ப் பிரகடனம்’ வெளியிட்டு, எல்லாரும் நாடு திரும்பிக் கிளர்ச்சியைத் தொடங்குமாறு அழைத்தது. முன்னதாக ஏட்டில் வந்த ஒரு விளம்பரம் இந்தியாவில் கிளர்ச்சி செய்ய வீரர்கள் தேவை என்று தொடங்கி, ஊதியம் மரணம் என்றும் ஓய்வூதியம் விடுதலை என்றும் அறிவித்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் உண்மையாகவே கப்பலேறினார்கள். எழுத்தால் ஒருவனை அவன் வேலையையும் சேமிப்பையும் விட்டுக் கிளம்பச் செய்வது அரிய செயல். அதை இந்த ஏடு செய்தது. ஆனால் அந்த அழைப்பை இந்திய அரசும் படித்திருந்தது. செப்டம்பரில் நாடு திரும்புவோரைத் தடுத்து நிறுத்தும் அவசரச் சட்டம் வந்தது. துறைமுகத்திலேயே பலர் பிடிக்கப்பட்டார்கள். தப்பிச் சென்ற சராபாவும் தோழர்களும் 1915 பிப்ரவரி 21ஆம் நாளைக் கிளர்ச்சிக்குக் குறித்து, காட்டிக்கொடுக்கப்பட்டதை அறிந்து 19ஆம் நாளுக்கு மாற்றி, அதிலும் தோற்றார்கள். அந்த நவம்பரில் லாகூரில் சராபா தூக்கிலிடப்பட்டார்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். ஐந்தாம் இலகு காலாட்படை 1914 அக்டோபரில் இங்கே வந்தது. ஏறத்தாழ எண்ணூறு பேர் கொண்ட, முழுவதும் முஸ்லிம்களைக் கொண்ட பட்டாளம் அது. பெரும்பான்மையோர் இன்றைய ஹரியானா வட்டாரத்தைச் சேர்ந்த ராங்கர் என்னும் முஸ்லிம் சமூகத்தினர். நவம்பரில் துருக்கி போரில் இறங்கி, கலீபாவின் பெயரால் ஜிகாத் அறிவிக்கப்பட்டது. அலெக்சாண்ட்ரா முகாமில் இருந்த வீரர்களுக்கு அச்சிட்ட செய்திகள் இரண்டு திசைகளிலிருந்து வரக்கூடிய நிலை அப்போது ஏற்பட்டது. ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ‘கதர்’. மற்றது கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து அரபு, துருக்கி, உருது மொழிகளில் வெளிவந்த ‘ஜஹான் இ இஸ்லாம்’. பிந்தையது ரங்கூன் வரை வந்து சேர்ந்தது. அங்கே நிறுத்தப்பட்டிருந்த 130ஆம் பலூச்சிப் படைப்பிரிவில் கதர் ஏட்டின் பிரதிகள் புழங்கியதாகவும், 1915 ஜனவரியில் அங்கு எழவிருந்த கிளர்ச்சி முன்கூட்டியே அடக்கப்பட்டதாகவும் 1918ஆம் ஆண்டு ராஜத்துரோகக் குழுவின் அறிக்கை கூறுகிறது.

சிங்கப்பூரில் இந்த இரண்டு ஓடைகளும் சந்தித்த இடமாகக் காசிம் மன்சூரைச் சொல்வார்கள். குஜராத்தி முஸ்லிம் வணிகரான அவர் பாசிர் பாஞ்சாங் பகுதியில் இருந்தார். சிப்பாய்கள் அவரிடம் வந்து போனார்கள். 1914 டிசம்பர் இறுதியில் அவர் ரங்கூனில் இருந்த தம் மகனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதனுள் அங்கிருந்த துருக்கித் தூதருக்கு ஒரு வேண்டுகோள் இருந்தது: இங்குள்ள மலாய் மாநிலக் காவற்படையினர் கிளர்ச்சிக்கு ஆயத்தமாக இருக்கிறார்கள், ஒரு போர்க்கப்பல் அனுப்புங்கள். கடிதம் தணிக்கையில் சிக்கியது. காசிம் மன்சூர் பின்னர் தூக்கிலிடப்பட்டார். இந்தக் கடிதத்தில் குறிப்பிடப்பட்ட படை ஐந்தாம் இலகு காலாட்படை அன்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல், பிப்ரவரிக் கிளர்ச்சி அப்போதே திட்டமிடப்பட்டது என்பதற்குச் சான்றாக இக்கடிதத்தை எடுத்துக்காட்டிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 16ஆம் நாள் பட்டாளம் ஹாங்காங்குக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. உண்மையில் தங்களைத் துருக்கியருக்கு எதிராகப் போரிட அனுப்புகிறார்கள் என்ற வதந்தி முகாமில் பரவியிருந்தது. கட்டளைத் தளபதியான கர்னல் மார்ட்டினுக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் இடையே பகைமை இருந்தது. ஒரு ஹவில்தாரின் பதவி உயர்வு தொடர்பாக இந்திய அதிகாரிகளும் இரு பிரிவுகளாகப் பிரிந்திருந்தார்கள். 15ஆம் நாள், சீனப் புத்தாண்டு விடுமுறையின் பிற்பகல் மூன்று மணி அளவில், வெடிமருந்து ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் முதல் குண்டு வெடித்தது. பட்டாளத்தில் ஏறத்தாழப் பாதியே எழுந்தது. ஒரு பிரிவு தாங்லின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜெர்மானியக் கைதிகளை விடுவித்து, தங்களோடு சேரும்படி கேட்டது. பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள், சிலர் தப்பிக் கடல் கடந்தார்கள். அதன் பின் கிளர்ச்சியாளர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியப் போர்க்கப்பல்களின் வீரர்கள் வந்து இறங்கிய சில நாட்களில் அவர்கள் சிதறிப் பிடிபட்டார்கள்.

ஒரு நிகழ்வில் அச்செழுத்தின் பங்கு எவ்வளவு என்று எப்படி அறிவது? நான் மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஏடு அந்த இடத்தை அடைந்ததா என்பது முதல் நிலை. அதன் சொற்கள் அங்கிருந்தவர்களின் வாயில் ஏறினவா என்பது அடுத்தது. ஏடு சொன்ன வழியில் அவர்கள் நடந்தார்களா என்பது கடைசி. பெரும்பாலான எழுத்துகள் முதல் நிலைக்குச் சான்று கிடைத்த உடனே மூன்றாம் நிலையும் நிறுவப்பட்டுவிட்டதாகக் கொண்டுவிடுகின்றன. அதுதான் தவறு நேரும் இடம்.

முதல் நிலையில் ஐயமில்லை. ‘கதர்’ சிங்கப்பூருக்கு வந்தது. இரண்டாம் நிலையில் விடை பாதி பாதியாக இருக்கிறது. முகாமில் அதிகம் பேசப்பட்டவை கலீபாவும் துருக்கியும் ஜெர்மானியச் சக்கரவர்த்தி இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்ற வதந்தியும் ஆகும். ‘கதர்’ ஏடோ இந்து, முஸ்லிம், சீக்கியர் என்ற வேறுபாட்டைக் கடந்த கிளர்ச்சியைப் பற்றிப் பேசியது. அது எண்களாலும் 1857இன் நினைவாலும் வாதாடியது. ஆனால், வெள்ளையரின் படை வெல்ல முடியாதது அன்று என்ற எண்ணம் அந்த முகாமில் உலவியதற்கு, பட்டியலிலுள்ள அந்த எண் கணக்குக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூன்றாம் நிலையில் என் விடை திட்டவட்டமாக ‘இல்லை’ என்பதே. கதர் இயக்கம் வகுத்த வழி இந்தியாவுக்குத் திரும்பு, அங்குள்ள பட்டாளங்களோடு சேர், குறித்த நாளில் எழு என்பதாகும். சிங்கப்பூரில் எழுந்தவர்களிடம் அத்தகைய திட்டம் காணப்படவில்லை. லாகூரில் குறித்த நாளுக்கும் இங்கு நடந்த நாளுக்கும் சில நாட்களே இடைவெளி என்பதைக் காட்டி இரண்டையும் இணைப்பவர்கள் உண்டு. மறுநாள் கப்பல் புறப்பட இருந்தது என்ற ஒரு காரணமே அந்த நாளை விளக்கப் போதுமானது.

இதில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. விசாரணைக் குழு முன் வந்த சான்றுகளில் இரண்டு வகை விளக்கங்கள் போட்டியிட்டன. வெளியிலிருந்து வந்த ராஜத்துரோக எழுத்தே காரணம் என்றால் பட்டாளத்தின் அதிகாரிகள் மீது பழி குறையும். பட்டாளத்தின் உள்பூசலே காரணம் என்றால் ஏட்டின் பெருமை குறையும், தளபதியின் பொறுப்பு கூடும். எனவே ‘கதர்’ ஏட்டின் செல்வாக்கைப் பெரிதாக்கிச் சொல்வதில் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும், பிற்காலத்தில் இயக்கத்தைப் போற்ற விரும்பிய எழுத்தாளர்களுக்கும் ஒரே மாதிரியான நாட்டம் இருந்தது. எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவர்கள் ஒரே கருத்தைச் சொல்கிறார்கள் என்பதற்காக அது உறுதியாகிவிடாது.

அப்படியானால் ஏட்டின் பங்கு என்ன என்று கேட்டால், கோமகதா மாரு கப்பலின் நிகழ்வோடு ஒப்பிட்டுச் சொல்வேன். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒப்பந்த வேலைகள் எடுத்து நடத்திய குர்தித் சிங் 1914இல் அந்தக் கப்பலை வாடகைக்கு எடுத்து 376 பயணிகளோடு வான்கூவருக்குச் சென்றார். ஜப்பானியத் துறைமுகத்தில் கதர் இயக்கத்தினர் கப்பலில் ஏறிப் பேசினார்கள், ஏட்டையும் தந்தார்கள். வான்கூவரில் இரண்டு மாதம் காத்திருந்தும் பெரும்பாலோர் இறங்க அனுமதிக்கப்படவில்லை. திரும்பி வரும் வழியில் சிங்கப்பூரிலும் அவர்களை இறங்க விடவில்லை. செப்டம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவுக்கு அருகில் பஜ்பஜ்ஜில் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ இருபது பேர் மாண்டார்கள். அந்தப் பயணிகளை ஏடு கிளர்ச்சிக்காரர்களாக ஆக்கவில்லை. வான்கூவர் துறைமுகமே ஆக்கியது. ஆனால், நேர்ந்ததற்கு என்ன பொருள் என்பது அவர்கள் கையில் முன்பே அச்சில் இருந்தது. கப்பல் திருப்பியனுப்பப்பட்ட கதையை ஏடு உடனே எடுத்துக்கொண்டு அடுத்த துறைமுகங்களுக்கு அனுப்பியது. நேர்ந்த அவமதிப்புக்கு விளக்கம் தருவதும், ஓரிடத்து அவமதிப்பை வேறிடத்தாருக்கும் உரியதாக்குவதும் பத்திரிகையால் முடிந்தவை. பட்டாளத்தை எப்போது எழுப்புவது, ஆயுதக் கிடங்கை எப்படிப் பிடிப்பது, பிடித்த பின் எங்கே போவது என்பவை அதனால் முடியாதவை. சிங்கப்பூரில் தாங்லின் முகாமின் வாயில் திறந்த பிறகு நேர்ந்த தடுமாற்றம் இந்த எல்லையைத்தான் காட்டுகிறது.

தமிழர்களின் நிலை என்ன என்ற கேள்வி நம் நடைப்பயணத்தில் தவறாமல் வரும். அன்று சிங்கப்பூரில் இருந்த இந்தியரில் தமிழரே பெருந்தொகையினர். துறைமுகத்திலும் சாலை வேலையிலும் கடைகளிலும் உழைத்த அவர்கள் இந்தக் கிளர்ச்சியில் பங்கு கொள்ளவில்லை. அவர்களிடம் மனக்குறை இல்லாமல் இல்லை. இயக்கத்தின் முதன்மைப் பதிப்புகள் உருதுவிலும் குர்முகியிலும் வந்தன. அவற்றைச் சுமந்து சென்ற வழி குருத்வாராவும் படைமுகாமும் காவலர் குடியிருப்பும் ஆகும். தமிழ்க் கூலியின் கொட்டகை அந்தப் பாதையில் இல்லை. தமிழில் அதே சூட்டோடு எழுதிய பாரதியாரின் ‘இந்தியா’ ஏடோ, 1908இல் சென்னையிலிருந்து பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு இடம் மாறி, ஆங்கிலேய இந்தியாவுக்குள் நுழையாதபடி தடுக்கப்பட்டு, 1910 மார்ச்சிலேயே நின்றுபோயிருந்தது. அதன் வாசகர்கள் ஆங்கிலேய எல்லைக்குள் இருந்தார்கள். எல்லையில் தபாலை நிறுத்தியதும் ஏடு மூச்சடைந்தது. ‘கதர்’ ஏட்டின் வாசகர்களில் பெரும்பகுதியினரும் அதற்குப் பணம் தந்தவர்களும் அமெரிக்காவிலேயே இருந்ததால், இந்தியாவின் தடை அதைக் காயப்படுத்தியதே தவிர நிறுத்தவில்லை. ஒரே காலத்தைச் சேர்ந்த இரண்டு ஏடுகளின் ஆயுளை வேறுபடுத்தியது எழுத்தின் தரம் அன்று என்பதைத் தமிழ் வாசகர் ஒருவர் சற்று வேதனையோடுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

பங்கு கொள்ளாத தமிழர்களையும் விளைவு விட்டுவைக்கவில்லை. எந்தக் கடையில் எந்த ஏடு படிக்கப்பட்டது, யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை அரசால் பிரித்தறிய முடியவில்லை. 1915 மார்ச் மாதத்தில் சிங்கப்பூரில் வாழ்ந்த இந்தியர் அனைவரும் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஆணை பிறந்தது. ‘கதர்’ ஏட்டின் ஒரு வரியைக் கூடக் கேட்டிராத கடைக்காரரும் கூலித் தொழிலாளியும் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். இந்தியர் என்ற ஒரே பெயரின்கீழ் தமிழரையும் பஞ்சாபியரையும் குஜராத்தியரையும் இந்தத் தீவில் முதன்முதலாக அவ்வாறு ஒன்றாக நிறுத்தியது அந்தப் பதிவேடாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ‘கதர்’ ஏடு வாரந்தோறும் எழுதிச் செய்ய முயன்ற வேலை அதுதான்.